முகசாடையும் கோப்பும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கலியாணப் படம் எடுப்பதே என் பிரதான ஜீவனம் என்றாலும், குடும்பங்கள் கொண்டுவரும் பழைய படங்களை ஸ்கேன் செய்து, கூகுள் போட்டோஸில் ஆள்வாரியாகத் தேடியெடுக்கும்படி வகுத்துக் கொடுக்கும் வேலையும் அண்மைக் காலமாகச் சேர்ந்துகொண்டது.

2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில், ஒவ்வொரு முகமும் 128 எண்களாக மாற்றப்பட்டு, அவ்வெண்களின் கணக்கில் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்பவை ஒரே ஆளாகக் கொள்ளப்படுகின்றன. எவ்வளவு கிட்ட என்பதில்தான் சங்கடம். எல்லையை இறுக்கினால் ஒருவரே பலராகப் பிரிவார், தளர்த்தினால் தாயும் மகளும் ஒருவராகிவிடுவர். கூகுள் போட்டோஸ் வகுத்த தொகுதிகளில், உப்புவெளிக் குடும்பம் ஒன்றின் அம்மம்மா, நகை பூண்ட மணப்பெண்ணாக ஒரு தொகுதியிலும், கண்ணாடி போட்ட நடுவயதினராக இன்னொன்றிலும், நரைத்த தலையோடு மூன்றாவதிலும் நின்றார். நடுத்தொகுதிக்குள் முகசாடை ஒத்த மகளும் புகுந்திருந்தார். இத்தகைய சந்தர்ப்பத்தில் முதலில் மகளை விலக்கிவிட்டு, அதன்பின்பே மூன்று தொகுதிகளுக்கும் ஒரே பெயரிட்டு இணைக்கவேண்டும். ஏனெனில் ஆள்வாரி ஆல்பம் அத்தொகுதியிலிருந்து தானாக நிரம்புவதால், அங்கேயுள்ள பிழை ஆல்பத்துக்கும் வந்துசேரும். கலப்பைக் கண்டுபிடிக்க, படங்களைக் கால வரிசையில் ஓட்டிப் பார்ப்பேன். வயது ஏறிக்கொண்டே வரும் முகம் திடீரென இளமையானால், அங்கே வேறொருவர் நிற்கிறார்.

ஆனால் ஸ்கேன் செய்த கோப்பு சுமப்பது ஸ்கேன் செய்த நாளையேயன்றிப் படம் எடுத்த நாளையல்ல. இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் அறவே இல்லை. கோணேசர் கோயிலைப் போன்ற பிரசித்தமான இடத்தைச் செயலி தானே ஊகிக்கக்கூடும். வீட்டுக் கிணற்றடியை ஊகிக்குமா? ஆகவே படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருப்பதை வாசித்து, கோயிலடியில் ஒரே நாளில் எடுத்தவற்றை ஒரே கோப்புறையில் சேர்த்து, இவ்வாறு பதிகிறேன்:

```
exiftool -DateTimeOriginal="1978:04:14 10:00:00" \
 -GPSLatitude=8.5825 -GPSLatitudeRef=N \
 -GPSLongitude=81.2456 -GPSLongitudeRef=E *.jpg
```

மணி தெரியாதபோது பத்து என்று போடுவது என் வழக்கம். செயலிக்குள்ளேயே திருத்தினால் மூலக் கோப்பு மாறாது என்பதால், பதிவேற்றுமுன்பே இதை முடித்துவிடுவது என் அபிப்பிராயத்தில் உத்தமம்.

பொருளைத் தேடுவதில் பிரயாசை குறைவு. பிரெட்ரிக் கோட்டையில் திரியும் மான்களை யாரும் பெயரிடாமலே செயலி எடுத்துத் தரும். எனினும் அது அறிவது இனத்தை மாத்திரமே; படகு என்றால் மூதூர் லாஞ்சியும் மீன்பிடி வள்ளமும் ஒன்றாக வந்து குவியும். அம்மம்மாவின் பெயரையும் படகையும் சேர்த்துக் கேட்டபோதுதான் அவர் மூதூருக்குப் போன பயணத்தின் படங்கள் தனித்து வந்தன. அவற்றிலும், அவர் கடலைப் பார்த்து முதுகு காட்டி நின்றவை வரவில்லை. அவற்றைக் கையால்தான் ஆல்பத்தில் சேர்த்தேன்.