பக்கெற்றுக்குள்ள என்ன இருக்கு, அது யாருக்குத் தெரியும்?

கிளிநொச்சிச் செய்தி வாசிக்கிற யாருக்கும் இந்த வரி மனப்பாடம்: "ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞர் கைது." பெயரும் கிராமக் கணக்கும் மட்டும் மாறும். அதுக்குப் பிறகு அந்தப் பக்கெற்றுக்கு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் எழுதிறதில்லை. பொலிஸ் சீல் வைக்கும், நீதிமன்றம் ஊடாக அது அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போகும். அங்க உண்மையிலேயே சோதிப்பார்கள். ஹெரோயின் எண்டால் கலப்படத்தைக் கழித்துச் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்பதைக் கணக்கிடுவார்கள். 2 கிராமைத் தாண்டினால் சட்டப்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம் என்பதால் அந்த எண் முக்கியம். அறிக்கை வழக்குக் கோப்புக்குள்ள போகும். அதே கையிட்ட வாங்கின மற்றப் பெடியனுக்கு அது ஒருநாளும் தெரியவராது.

எங்கட ஆக்கள் நிறையப் பேர் வாழ்கிற ரொறன்ரோவில் இதே மாதிரி இயந்திரத்தின் பதில் வேறொரு விலாசத்துக்குப் போகுது. 2019 ஒக்டோபரில் அங்க ஒரு போதைப்பொருள் சோதனைச் சேவை தொடங்கியது. பாவிக்கிற ஆள் தன்னுடைய பொருளில் ஒரு துளியை (பத்து மில்லிகிராம் அளவு, ஒரு சில அரிசிக் குருணை மாதிரி) ஊசி மாற்றிக் கொடுக்கிற சமூக சுகாதார நிலையத்தில் குடுக்கலாம். பொருள் முடிஞ்சுபோனால் பாவிச்ச பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறதே காணும். பெயர் கேட்கமாட்டார்கள். கேட்கிறது வேற: என்னவெண்டு சொல்லி வித்தவங்கள், என்ன நிறம், பாவிச்சிருந்தால் வழமைக்கு மாறாக ஏதும் நடந்ததா. அந்த மாதிரியைக் கையில் வைத்திருக்கிற ஊழியரைப் பிடிக்க ஏலாதபடி மத்திய அரசு சட்டவிலக்கு குடுத்திருக்கு. அது இல்லாட்டி இந்தச் சேவையே இல்லை.

மாதிரி வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்குப் போகும். அதைக் கரைத்து, சூடாக்கி ஆவியாக்கி, மிக மெல்லிய, பல மீற்றர் நீளமான குழாய்க்குள்ளால விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்துக்குத்தான் மற்றப் பக்கத்தால வெளிய வரும். வந்ததை உடைத்து, துண்டுகளின் நிறையை ஏற்கெனவே தெரிந்த பொருட்களின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். ஒண்டு ரெண்டு வேலைநாளுக்குள்ள பதில் வரும்: இது ஃபென்டனைல், இவ்வளவு பங்கு; இது கஃபீன், இவ்வளவு பங்கு; இது நீங்கள் கேட்டே இராத ஒண்டு. பட்டியலில் இல்லாத புதுப் பொருள் வந்தால் இயந்திரத்துக்கும் பெயர் தெரியாது.

அந்த "கேட்டே இராத ஒண்டு" தான் என்னை இதை எழுத வைத்தது. ஃபென்டனைல் ஹெரோயின் வகையைச் சேர்ந்தது, ஆனால் பலமடங்கு வலிமையானது. அளவு கூடினால் மூச்சு மெதுவாகி நிண்டுபோகும். அதுக்கு மாற்று மருந்து நலோக்சோன். மூக்கில் அடித்தால், மூளையில் ஃபென்டனைல் குந்தியிருக்கிற இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். முதல்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது இதுதான்: மருந்தை அடி, ரெண்டு மூண்டு நிமிசம் பார், எழும்பாட்டி இன்னொண்டு அடி.

பிறகு களத்தில் ஆக்கள் எழும்பாமல் கிடக்கத் தொடங்கினார்கள். ஒண்டு அடித்தும் எழும்பவில்லை, மூண்டு அடித்தும் எழும்பவில்லை. நலோக்சோன் வேலை செய்யாத புதுவகை ஃபென்டனைல் வந்துட்டுது எண்டு கதை பரவக்கூடிய நிலைமை. ஆய்வுகூடப் பதில் வேற மாதிரி இருந்தது. ஃபென்டனைல் எண்டு வித்த பொருளுக்குள்ள எட்டிசோலம் போன்ற, நித்திரைக் குளிசைக் குடும்பத்து மருந்துகள் கலந்திருந்தன. இவை மூளையில் குந்துகிற இடம் வேற. நலோக்சோனுக்கு அந்த இடத்தில் ஒரு வேலையும் இல்லை. அதாவது மருந்து தன் வேலையைச் செய்திருக்கு, மூச்சு திரும்பியிருக்கு. ஆள் எழும்பாதது மற்றக் குளிசையின் நித்திரை. அது மணித்தியாலக் கணக்கில் இருக்கும்.

இதை அறிஞ்சதும் அறிவுரையே மாறிப்போனது. கண் திறக்குதா எண்டு பார்க்காதே, மூச்சைப் பார். அஞ்சு செக்கனுக்கு ஒருக்கா எண்ட அளவில் மூச்சு வந்தால் மேல மேல மருந்து அடிக்காதே. தேவைக்கு மிஞ்சி அடித்தால் போதை திடீரென்று அறுந்து வாந்தி வரும், நித்திரையில் கிடக்கிற ஆளுக்கு அது நெஞ்சுக்குள்ள போகும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வை, அம்புலன்சுக்கு அடி, விட்டுட்டுப் போகாதே. மூச்சு காணாட்டி வாயால் ஊது. சரித்துப் படுக்க வைக்கிறதும் வாயால் ஊதுறதும் பழைய பாடம்தான், ஆனால் கண்ணை விட்டு மூச்சைப் பார் எண்டதுக்கு அந்தக் குழாய்க்குள்ளால வந்த பதில் கை குடுத்தது. எந்தப் பொருள் எண்டு தெரியாமல் இருந்திருந்தால், கூட மருந்து குடு எண்டுதான் சொல்லியிருப்பார்கள்.

பதில் வந்தால் பயமில்லை எண்டு அர்த்தமில்லை. அங்க ஊழியர்கள் "இது பாதுகாப்பானது" எண்ட சொல்லையே பாவிக்கமாட்டார்கள். புட்டு மாவில் உப்பு சரியாகக் கரையாட்டி ஒரு வாய் சப்பெண்டும் அடுத்த வாய் கைக்கிறதும் தெரியும்தானே. வீட்டுக்குள்ள கலக்கிற போதைப்பொருளும் அப்படித்தான். சோதிச்ச துளியில் இல்லாதது மிச்சத்தில் கட்டியாக இருக்கலாம். அதனால்தான் ஒரு ஆளுடைய பதிலை மட்டும் வைத்து அவர்கள் நிற்பதில்லை. நகரம் முழுக்க வந்த மாதிரிகளைச் சேர்த்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வெளியிடுவார்கள், சோதிக்கக் குடுக்காத ஆளுக்கும் அது உதவும்.

"அதுக்கு ஒரு ஸ்ட்ரிப் இருக்குதாமே, ஒன்லைனில் எடுக்கலாமே" எண்டு கம்பசில் ஒரு நண்பன் கேட்டான். இருக்கு. ஆனால் கொரோனா ஸ்ட்ரிப்புக்குத் தலைகீழ்: ஒரு கோடு வந்தால்தான் ஃபென்டனைல் உண்டு, ரெண்டு வந்தால் தென்படவில்லை. ஐஸைக் கொஞ்சத் தண்ணியில் தடிப்பாகக் கரைத்துத் தோய்த்தால் ஃபென்டனைல் இல்லாமலேயே "உண்டு" எண்டு பொய் சொல்லும். எல்லாத்துக்கும் மேல, அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எட்டிசோலம் அதுக்குத் தெரியாது. ரொறன்ரோக்காரருக்குப் பொருந்துகிற கேள்வி பரந்தனுக்கும் பொருந்துமா எண்டதும் அதுக்குத் தெரியாது.

எங்களுக்கும் தெரியாது. வன்னியில் ஐஸ், ஹெரோயின், குளிசை எல்லாம் ஓடுது. பள்ளிக்கூடக் கருத்தரங்கில் எல்லாத்துக்கும் ஒரே வசனம்: பாவிக்காதே. சரி. பாவிச்சு ஒருத்தன் விழுந்து கிடக்கிற இரவில் பக்கத்தில் நிக்கிற பெடியனுக்கு என்ன வசனம்? பொலிஸுக்குப் பயந்து விட்டுட்டு ஓடுறதுதான் நடக்குது. உள்ள என்ன எண்டு தெரியாத இடத்திலும் சொல்லக்கூடியது கொஞ்சம் இருக்கு: மூச்சை எண்ணு, சரித்துப் படுக்க வை, 1990க்கு அடி, என்ன எடுத்தவன் எண்டு வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லு. நலோக்சோன் எங்கட பக்கம் வீட்டில வச்சிருக்கிற சாமான் இல்லை, வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான். அதுவும் ஹெரோயின் வகைக்குத்தான் கேட்கும், ஐஸுக்கு இல்லை. ஆகவே வைத்தியருக்கும் முதல் கேள்வி அதுதான்: என்ன எடுத்தவன்?

சமூக நிலையத்தில் துளி வாங்கிச் சோதிக்கிற சேவை இங்க இப்போதைக்கு வராது எண்டுதான் நினைக்கிறன். வைத்திருக்கிறதே குற்றம் எண்ட சட்டத்தில் அந்தத் துளியைக் கொண்டுவரப் போறது யார்? ஆனால் அதைவிடச் சின்ன வேலை ஒண்டு இருக்கு. ஐரோப்பிய நாடுகள் 1997 இலிருந்து, பிடிபட்ட பொருட்களில் கண்ட புதுப் போதைப்பொருட்களைத் தங்களுக்குள்ள அறிவித்துக்கொள்கின்றன. இங்கயும் பகுப்பாய்வுத் திணைக்களம் ஏற்கெனவே சோதிக்கிறதை, பெயரோ வழக்கு இலக்கமோ இல்லாமல், இந்த மாதம் வட மாகாணத்துப் பக்கெற்றுகளில் இன்னின்னது இருந்தது எண்டு ஒரு தாளில் எழுதி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அனுப்பலாம். அதுக்குப் புது இயந்திரம் ஒண்டும் தேவையில்லை.