கொடியைப் பார்க்காதே, பின்புறத்தைப் பார்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல் நான். வேம்பாரிலிருந்து வேலைக்கு வந்த என் அக்கா மகனுக்குக் கண் கூர்மை. ஒரு விடியற்காலையில் வெளித்துறையில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் முன்பாய்மரத்தில் மூவர்ணக் கொடியைக் கண்டதுமே, "மாமா, நம்ம நாட்டுக் கப்பல்லா!" என்றான்.

"எலே, அது விருந்தாளி காட்டுற மரியாதை. பின்னால போய்ப் பாத்துச் சொல்லு" என்றேன்.

எந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வருகிறதோ அந்த நாட்டுக் கொடியை முன்னால் ஏற்றுவது கப்பல்களின் வழக்கம். சொந்த நாட்டின் கொடி பின்புறக் கம்பத்தில்தான் பறக்கும். நம் சரக்குக் கப்பலாக இருந்தால் அங்கே சிவப்புக் கொடி இருக்கும். அதன் மேல்மூலையில்தான் மூவர்ணம் சிறிதாக இருக்கும். அன்று காற்றே இல்லை, பின்கொடி கம்பத்தில் சுருண்டு கிடந்தது. அப்படி நேர்ந்தால் எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

நங்கூரச் சங்கிலியை விட்டு விலகி, தோணியைப் பின்பக்கமாகச் சுற்றி எடுத்தேன். கப்பலின் பெயர் பெரிதாகவும், அதற்குக் கீழே பதிவுத் துறைமுகம் சிறிதாகவும் எழுதியிருந்தன. எழுத்தைக் கூட்டி, "மஜுரோ" என்று படித்தான். மார்ஷல் தீவுகளின் தலைநகரம் அது. மொன்ரோவியா என்றிருந்தால் லைபீரியா, வலெட்டா என்றால் மால்டா. கடலே இல்லாத மங்கோலியாவின் உலான்பாட்டரையும் சில கப்பல்கள் தாங்கி வரும். முதலாளி இருக்கும் ஊர் வேறாக இருக்கலாம், புகைபோக்கியில் தீட்டிய நிறமோ கம்பெனியின் அடையாளம். அவற்றை வைத்து நாட்டைச் சொல்லிவிடக் கூடாது.

ஏ.ஐ.எஸ். திரையில் அந்தக் கப்பலின் ஒன்பது இலக்க எண் 538 என்று தொடங்கியது. அதுவும் மார்ஷல் தீவுகளையே சொன்னது. இந்தியாவுக்கு 419. இரவில் இந்த எண்தான் கைகொடுக்கும். ஆனாலும் கருவியில் எண்ணைத் தப்பாகப் பதிந்து வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு. அதனால் பகலில் எழுத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்வேன்.

எழுத்தைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மறுபடி பெயின்ட் அடிக்கும்போது கோடு தவறாமல் இருக்க, எழுத்தின் விளிம்பை வெல்டிங் செய்து மேடாக்கியிருப்பார்கள். கப்பல் கைமாறிப் பதிவும் மாறினால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். பலர் மேலே பெயின்டை மட்டும் பூசிவிடுகிறார்கள். பின்னொரு நாள் மாலைச் சாய்வெயிலில் அப்படியொரு பழைய எழுத்து நிழல் தட்டித் தெரிய, பையன் "பனாமா" என்று படித்துவிட்டான். "பெயின்டு தீட்டின எழுத்தப் படி, மேட்டப் படிக்காத" என்று என் தண்டல் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். மறுபடி பார்த்தான். வெள்ளைப் பெயின்டில் மொன்ரோவியா என்றிருந்தது. பெயரும் ஊரும் மாறினாலும் மாறாதது ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் ஒன்றுதான். கப்பல் எதுவென்று அதை வைத்துச் சொல்லலாம், நாட்டைச் சொல்ல முடியாது.