சதவீதத்தை நம்பி வாதாடினேன்
நேற்று மதியம், "ஒரே புழுக்கம்" என்றாள் மனைவி. கைபேசியைப் பார்த்து, "காலையில் ஈரப்பதம் 84 சதவீதம், இப்போது 53தான்" என்று வாதாடினேன். நான் அறிவியல் வாத்தியார் வேறு!

பிறகுதான் பனிப்புள்ளியைப் பார்த்தேன். காலை 28 டிகிரியிலும் மதியம் 36 டிகிரியிலும் அது 25லேயே நின்றது. காற்றைக் குளிர்வித்தால் எந்த வெப்பநிலையில் பனி படியத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி. காற்றில் உண்மையில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அது காட்டிவிடும். சதவீதம் அப்படியல்ல, வெயில் ஏறினால், நீராவி துளியும் குறையாமலே அது இறங்கிவிடும். ஆனால் வியர்வை உலர்வதைத் தடுப்பது அந்த நீராவிதான்.

ஊட்டி மூடுபனியில் 15 டிகிரி, 95 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 14தான். அங்கே யாருக்குப் புழுங்குகிறது?

மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.