ஜோடி சேராத பல்பும் டிம்மரும்

சென்னையில் ஒரு சிறிய உணவகம். அதன் குடும்ப அறையில், மேசைகளுக்கு மேலே ஆறு கை வைத்த தொங்குவிளக்கு. பல வருடங்களாக அதில் 40 வாட் குண்டு பல்புகள் ஆறு எரிந்தன. சுவரில் திருகு வைத்த டிம்மர். மாலையானால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். கரண்ட் பில்லைக் குறைக்க உரிமையாளர் ஆறையும் கழற்றிவிட்டு 5 வாட் எல்.இ.டி பல்புகளை மாட்டினார். டிம்மரில் எரியும் ரகம்தான் என்று கேட்டுத்தான் வாங்கியிருந்தார். டிம்மர் மட்டும் பழையது. அன்று மாலை திருகைப் பாதிக்குக் கொண்டுவந்ததும் அறை முழுக்க வெளிச்சம் துடிக்க ஆரம்பித்தது. கூடவே ‘ம்ம்ம்’ என்று விடாத இரைச்சல்.

அதைச் சரிசெய்ய வந்த வயர்மேனோடு நானும் போயிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருப்பவர். இந்த மாதிரிப் புகார்கள் இப்போது அடிக்கடி வருகின்றன, பாதிப் பேர் பல்பை மாற்றி மாற்றியே காசைக் கரைக்கிறார்கள் என்று வழியிலேயே சொன்னார்.

உரிமையாளர் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். வெளிச்சத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடின. வயர்மேன் அதை லட்சியம் செய்யவில்லை. “இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். டிம்மரே இல்லாத நல்ல பல்பைப் புடிச்சாலும் சில போன்ல இந்தப் பட்டை வரும்” என்றார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அரை அலைகள். நொடிக்கு 100 அரை அலைகள், ஒவ்வொன்றும் 10 மில்லிசெகண்ட். பல பல்புகளின் வெளிச்சமும் அதே கதியில் சற்று ஏறி இறங்கும். அந்த வேகம் பெரும்பாலான கண்களுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இந்த அறையில் இருந்ததோ வெறுங்கண்ணுக்கே உறுத்திய துடிப்பு.

மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு, டிம்மரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினார். மறுபடி மெயினைப் போட்டதும் ஆறு பல்பும் முழு வெளிச்சத்தில் அசையாமல் எரிந்தன. இரைச்சலும் இல்லை. சப்ளையில் குறையில்லை, ஹோல்டரில் லூஸ் இல்லை, பல்பு எதுவும் செத்துப்போகவில்லை என்பது இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிட்டது.

கழற்றிய டிம்மரைத் திருப்பி என்னிடம் நீட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: அதிகபட்சம் 400 வாட், குறைந்தபட்சம் 60 வாட். “எல்லாரும் மேல இருக்கிற நம்பரைத்தான் பாப்பாங்க. கீழ இருக்கிறதுதான் இப்ப பிரச்சினை” என்றார்.

சாதாரண டிம்மருக்குள் வேலை செய்வது டிரையாக் என்ற சின்னக் கருவி. ஒவ்வொரு அரை அலையும் தொடங்கும்போது அது மூடியே இருக்கும். திருகு வைத்திருக்கும் அளவுக்குத் தாமதித்துவிட்டுத் திறக்கும். மிச்சமிருக்கும் அலை மட்டும் பல்புக்குப் போகும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு மங்கல். திறந்த டிரையாக் அந்த அரை அலை முடியும்வரை திறந்தே இருக்க, அதன் வழியாக ஒரு குறைந்தபட்ச கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும்.

ஆறு குண்டு பல்புகள் சேர்ந்து 240 வாட். முழு வெளிச்சத்தில் ஒரு ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கும். ஆறு எல்.இ.டி பல்புகளும் சேர்ந்து 30 வாட்தான். சுமார் 130 மில்லி ஆம்பியர். மங்கலாக்கினால் அதுவும் குறையும். தவிர, பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் கரண்டைச் சீராக இழுப்பதில்லை. டிரையாக் திறந்த கணத்தில் பெரிய மூச்சாக ஒரு இழுப்பு, அப்புறம் தொய்வு. அந்தத் தொய்வில் டிரையாக் பாதியிலேயே மூடிக்கொள்கிறது. சில சமயம் மறுபடி திறக்கிறது, சில சமயம் அந்த அரை அலையையே விட்டுவிடுகிறது. ஒரு அரை அலை நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் போவதால், கண்ணுக்குத் தெரியாத 100 துடிப்பு கண்ணில் படும் மெதுவான துடிப்பாக மாறிவிடுகிறது. குண்டு பல்பின் இழை 10 மில்லிசெகண்டில் ஆறிவிடாது; இந்த ஏற்ற இறக்கத்தை அதன் சூடே மறைத்துவிடும். எல்.இ.டியில் அப்படி மறைக்க எதுவும் இல்லை.

இதை அவர் எனக்குச் செய்தே காட்டினார். டிம்மரைத் திரும்ப மாட்டிவிட்டு, பையில் துணி சுற்றி வைத்திருந்த 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து ஒரு எல்.இ.டிக்குப் பதிலாகப் போடச் சொன்னார். உதவிக்கு வந்த பையன் ஏணியில் ஏறி, “போட்டுட்டேன் அண்ணே” என்றான். இப்போது லோடு 65 வாட். திருகைப் பாதிக்குக் கொண்டுவந்தார், வெளிச்சம் துடிக்கவில்லை. கால் பங்குக்கு இறக்கினார், அப்போதும் துடிக்கவில்லை. “பல்பும் நல்ல பல்பு, டிம்மரும் நல்ல டிம்மர். ஜோடிதான் சேரல” என்றார். ஆனால் இதை நிரந்தரமாக விட்டுவர அவருக்கு மனமில்லை. அந்த ஒரு குண்டு பல்பு மட்டுமே மற்ற எல்லா எல்.இ.டிகளும் சேர்ந்து தின்பதைவிட அதிகம் தின்னும்.

துடிப்பு நின்றாலும் இரைச்சல் நிற்கவில்லை. திருகு நடுவில் இருக்கும்போது அதிகம், இரண்டு ஓரங்களில் குறைவு. அதற்கும் காரணம் உண்டு. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் அலையின் உச்சி உண்மையில் சுமார் 325 வோல்ட். திருகு நடுவில் இருக்கும்போது டிரையாக் அந்த உச்சியில்தான் திறக்கிறது. பூஜ்யத்திலிருந்து 325 வோல்ட்டுக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாமல், ஒரே தாவல். நொடிக்கு 100 முறை அந்த அடி விழும்போது டிம்மருக்குள் இருக்கும் காயிலும், பல்புக்குள் இருக்கும் காயிலும் கெபாசிட்டர்களும் அதிர்ந்து சத்தம் போடுகின்றன.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறை எளிது. பில் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு முதலில் சுவர்ப் பெட்டியிடம் கேட்டார்; லேசாக இருந்தது. பிறகு ஏணியில் ஏறி ஒவ்வொரு பல்பாகக் கேட்டுக்கொண்டே போனார். மூன்றாவது கையில் நின்றுவிட்டார். அந்தப் பல்பைக் கழற்றி உடம்பில் இருந்த அச்சை எனக்குக் காட்டினார். அதே கம்பெனி, அதே வடிவம், அதே 5 வாட். ஆனால் ‘டிம்மபிள்’ என்ற சொல் மட்டும் இல்லை. மாட்டும்போது ஒரு பல்பு கை தவறி உடைந்ததும், தெருமுனைக் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்ததும் உரிமையாளருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த இரண்டு ரகத்துக்கும் உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்க்க ரிச்சி தெருவில் ஒரு பழுதுபார்க்கும் மேசைக்குப் போனேன். அங்கே வேலை செய்பவர் இரண்டின் மூடியையும் நெம்பி எடுத்து, சர்க்யூட் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சாதாரண பல்பில் டயோடுகளை அடுத்து ஒரு உருளைக் கெபாசிட்டர், அவ்வளவுதான். அது அலையின் உச்சியில் மட்டும் சட்டென்று நிரம்பிக்கொள்ளும், மற்ற நேரம் எதையும் இழுக்காது. டிம்மரில் போட்டால் ஒவ்வொரு அரை அலையிலும் அந்தக் கெபாசிட்டர் அடி வாங்கும். இரைச்சல் மட்டுமல்ல, நாளடைவில் பல்பே போய்விடும். டிம்மபிள் பல்பின் வாசலில் ஒரு தடித்த ரெசிஸ்டர் இருந்தது; தாவலின் வேகத்தைத் தணிப்பது அதன் வேலை. அதை அடுத்து, டிரையாக் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே கொஞ்சம் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும் சிறு பகுதி. “இது சும்மா சூடாக்கிட்டே இருக்கும் சார். அதனால சில கம்பெனி இதைச் சின்னதாக்கிடுவாங்க” என்றார் அவர். எல்லா டிம்மபிள் பல்பும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறுநாள் வயர்மேன் மூன்றாவது கையில் இருந்த பல்பையும் டிம்மபிள் ரகமாக மாற்றினார். டிம்மரையும் மாற்றினார். புதியது எல்.இ.டிக்கென்றே வரும் டிரெய்லிங் எட்ஜ் ரகம். பழையது அரை அலையின் தலையை வெட்டியது. இது வாலை வெட்டுகிறது. அலை பூஜ்யத்திலிருந்து தானாக ஏறும், பல்பும் அதோடு மெதுவாக நிரம்பும், முடிவில் மட்டும் கரண்ட் நிறுத்தப்படும். தாவல் இல்லாததால் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடுகிறது. உள்ளே டிரையாக்குக்குப் பதில் மாஸ்ஃபெட் இருப்பதால், கரண்ட் குறைந்துவிட்டதே என்று பாதியில் தானாக மூடிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு இல்லை. அதன் முதுகில் எல்.இ.டி லோடு 5 முதல் 100 வாட் என்று இருந்தது. நம் 30 வாட் அதற்குள் வசதியாக அடங்கியது.

முகப்பை மூடும் முன் பக்கவாட்டில் இருந்த ஒரு குட்டித் திருகை ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்தார். வெளிச்சம் எவ்வளவு தாழ இறங்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. மிகக் கீழே வைத்து, சுவிட்சை அணைத்துப் போட்டார். ஒரு பல்பு தயங்கித் தயங்கி எரிந்தது. திருகைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி அணைத்துப் போட்டார். ஆறும் ஒன்றாக எரியும்வரை இதைச் செய்தார். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான் என்றார். டிம்மர் புதிதாக இருந்தும் கீழ்முனையில் மினுக்குகிறது என்ற புகார் இதனால்தான் வருகிறது.

உரிமையாளரிடம் அவர் மறைக்காமல் சொன்ன குறைகளும் உண்டு. குண்டு பல்பு மங்கும்போது செம்மஞ்சளாக மாறும். இந்தப் பல்புகளில் நிறம் மாறாது, அளவு மட்டும் குறையும். அணையும் நிலைவரை மெல்ல மெல்ல இறக்கவும் முடியாது. அடுத்த முறை ஒரு பல்பு போனால் அதே ரகத்தையே வாங்க வேண்டும். இந்த டிம்மரை ஃபேனுக்கு மாற்றக் கூடாது, ஃபேன் ரெகுலேட்டரில் எல்.இ.டி பல்பை மாட்டவும் கூடாது.

இந்த வேலையில் கண்டுபிடிப்புக்குத்தான் நேரம் போனது, மாற்றுவதற்கு அல்ல. அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் ‘ஒரு டிம்மர் மாட்டத்தானே’ என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு என்றார். பல்பு அட்டையின் மேல் ‘டிம்மபிள்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, எந்த ரக டிம்மரில், குறைந்தது எத்தனை பல்பு சேர்ந்தால் எரியும் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்த இரண்டு வரிகளை அச்சிடுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. அது வரும்வரை, பல்பு வாங்கக் கிளம்பும் முன் மெயினை அணைத்துவிட்டு, வயர்மேனைக் கொண்டு டிம்மரைக் கழற்றி அதன் முதுகில் இருக்கும் குறைந்தபட்ச வாட்டை எழுதிக்கொள்ளுங்கள். மாட்டப்போகும் பல்புகளின் மொத்த வாட் அதைத் தொடவில்லை என்றால், பல்போடு சேர்த்து டிம்மரையும் மாற்றக் கணக்குப் போடுங்கள்.