கம்பியைத் தொட்ட காற்று

வாலாஜாபாத்தில் 36 வயதான இரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றை ஆய்வு செய்யும் குழுவோடு போயிருந்தேன். குழுவில் மூத்தவர் முதலில் எடுத்தது சுத்தியலை அல்ல, பேனாவை. "எந்த மழையிலேர்ந்து ஒழுகுதும்மா? மேல எப்ப பூசினீங்க?" என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறிக்கை இந்த வரலாற்றில்தான் தொடங்குகிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் சரிந்தபோது உயிர்கள் தப்பியதற்குக் காரணம், விரிசலைக் குடியிருந்தவர்களே கவனித்து வெளியேறியதுதான். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லும் சான்றுதான்.

அடுத்தது குறை வரைபடம். ஒரு தொழிலாளி ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போக, பொத்தென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் இன்னொருவர் சாக்பீஸால் வட்டமிட்டார். அந்த வட்டங்கள் அறை, பீம் எண்ணோடு வரைபடத்தில் ஏறின. விரிசலின் அகலத்தைவிட அதன் திசைக்கே மூத்தவர் அதிக மதிப்புக் கொடுத்தார். கம்பியின் போக்கிலேயே ஓடினால் துரு. பீம் பில்லரில் சேரும் இடத்தருகே சாய்வாக ஓடினால் பாரம் தாங்குவதில் சந்தேகம்.

சோதனைப் பகுதிதான் அறிக்கையின் உயிர். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தார்கள். உள்ளே இளஞ்சிவப்பு ஏறியது. மேலே 24 மி.மீ. வரை நிறமே இல்லை. காற்றின் கரியமில வாயு அதுவரை புகுந்து, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிட்டது என்று பொருள். இந்த ஆழம் ஆண்டுகளின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வது வழக்கம். 36-க்கு வர்க்கமூலம் 6. அப்படியானால் கெழு 4. ஸ்லாப் கம்பிக்கு மேல் இருந்த கவர் 15 மி.மீ.; அதைக் காற்று சுமார் 14 ஆண்டுகளிலேயே கடந்திருக்கும். பீமின் கவர் 25 மி.மீ. அதற்கு ஏறக்குறைய 39 ஆண்டு, அதாவது இன்னும் மூன்றே ஆண்டு. பில்லரின் 40 மி.மீ. கவருக்கு 100 ஆண்டு ஆகும். மூன்றிலும் கான்கிரீட்டின் தரம் ஒன்றே என்று வைத்துப் போட்ட கணக்கு இது. காரம் போனாலும் ஈரம் இருந்தால்தான் துரு வேகமாகப் பிடிக்கும். இந்த வீட்டில் குளியலறைக்குக் கீழிருந்த ஸ்லாப்பில் மட்டும் கான்கிரீட் பெயர்ந்து விழுந்திருந்ததன் காரணம் அதுவே.

இங்கே ஒரு பொறி உண்டு. காற்று புகுந்த மேற்பரப்பு இறுகிவிடுவதால், ரீபவுண்ட் சுத்தியல் உண்மையைவிட அதிக வலிமை காட்டும். கோர் எடுத்து அழுத்திப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் எழுதிய அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

கடைசியில் பார்க்க முடியாதவற்றின் பட்டியல்: அஸ்திவாரம், டைல்ஸுக்குப் பின்புறம், பரணுக்கு மேலே. பிறகு வேலை வரிசை: உடனே முட்டுக் கொடுக்க வேண்டியது, கசிவை அடைப்பது, அதன்பின் கம்பியைச் சுத்தம் செய்து பூசுவது. கசிவை விட்டுவிட்டுப் பூச்சு மட்டும் போடச் சொல்லும் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், பணம் கொடுக்கும் முன் திருப்பி அனுப்புங்கள்.