கிண்ணம் காட்டும் திசை

தஞ்சை மாவட்டத்து வீட்டு மாடிகளில் டி.டி. ஃப்ரீ டிஷ் சேவையைப் பெறும் கிண்ண ஆன்டெனாக்கள் தென்கிழக்கையே நோக்கி நிற்பதை நாம் காண்கிறோம். இச்சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015ஆம் ஆண்டு ஏவப்பட்டது. அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலைகொண்டுள்ளது. தஞ்சையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 79.1 பாகையிலும் அமைந்தது. ஆதலால் அக்கோள் நமக்குத் தெற்கேயும் கிழக்கேயும் இருக்கிறது.

கிண்ணம் தெற்கே சாய்ந்திருப்பது நாம் வடகோளத்தில் வாழ்வதைக் காட்டும். தென்கோளத்து ஆஸ்திரேலியாவில் அது வடக்கே சாயும். கிழக்கே திரும்பியிருப்பது நம் தீர்க்கரேகை கோளுக்கு மேற்கே இருப்பதைக் காட்டும். துபாயில் நம்மவர் காணும் கிண்ணங்களுள், கிழக்கு 26 பாகையிலுள்ள அரபுக் கோள்களை நாடுபவை தென்மேற்கை நோக்குகின்றன.

அளந்து பார்த்தால் மேலும் நுட்பமாக அறியலாம். தஞ்சைக் கிண்ணம் தென்திசையிலிருந்து கிழக்கே 54 பாகை திரும்பி, அடிவானிலிருந்து 69 பாகை உயரத்திலுள்ள கோளை நாடுகிறது. தில்லியில் அதே கோளுக்கு இவை 31, 52 என அமையும். வடக்கே செல்லச் செல்லக் கோள் தாழ்வாகத் தெரிவதே காரணம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வீட்டுக் கிண்ணத்தில் அலைவாங்கி நடுவில் இல்லாமல் கீழ்ப்புறமாகத் தள்ளி அமைந்திருப்பதால், கிண்ணத்தின் முகம் கோளின் உண்மையான உயரத்தைவிடத் தாழ்வாக நோக்குவதாகத் தோன்றும். மேலும், அது எந்தக் கோளை நாடுகிறது என்பது தெரியாவிடில் தீர்க்கரேகையைக் கணிக்க இயலாது. கிழக்கு 83 பாகையிலுள்ள கோளை நாடும் தஞ்சைக் கிண்ணம் தெற்கிலிருந்து 20 பாகை மட்டுமே திரும்பியிருக்கும்.