ஆடிக்கூழும் விளம்பர வரியும்

பனங்கட்டிக்கு விளம்பரம் எழுதுவோர் பலர், ஆடிப்பிறப்பு வந்ததும் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடலையே துணைக்கு அழைக்கின்றனர். அடுத்த வரியில் ‘அம்மாவின் கைமணம்’ வந்துவிடும். பொருளின் பெயரை மாற்றிப் பாருங்கள். தேயிலைக்கும் அவ்வரி பொருந்தும். அது தேய்ந்த வழக்கு என்பதற்கு அதுவே சான்று.

மாறாக, பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்திச் சுடுகூழை அள்ளியபோது பல்லில் அகப்பட்ட தேங்காய்ச் சொட்டையும், பனங்கட்டி கரையக் கரையத் தேங்காய்ப்பாலின் வெண்மை மங்கியதையும் எழுதலாம். அவை அப்பொருளுக்கே உரியவை. பின்னர் எடையையும் விலையையும் சொல்லி நிறுத்திவிடவேண்டும்.

‘இதை வாங்காவிடின் உங்கள் பிள்ளை ஊரை மறந்துவிடும்’ என்று புலம்பெயர்ந்தவருக்கு எழுதுவது நினைவைப் பகிர்தலன்று. இழப்பைக் காட்டி அச்சுறுத்தல். பனங்கட்டி கூழுக்கு இனிப்பைத் தரும். பிரிந்த ஊரைத் தராது.